வாட்ஸ்அப் கணக்கு களவுபோனால்

1. கணக்கு முடங்கியிருந்தால், சொந்த எண்ணை மீண்டும் பதிந்து, குறுஞ்செய்தியில் வரும் 6 இலக்கக் குறியீட்டை உள்ளிடுக. அதனால் திருடன் வெளியேற்றப்படுவான்.

2. கணக்கு திறந்திருந்தும் போலிச் செய்திகள் சென்றால், ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ பகுதியில் அறிமுகமற்ற சாதனங்களை நீக்குக. அவற்றின் வழியாகவே திருடன் உரையாடுகிறான்.

3. இருபடிச் சரிபார்ப்பை, அதாவது குறுஞ்செய்திக் குறியீட்டுடன் கேட்கப்படும் இரகசிய எண்ணை, அமைக்க. குறியீடு மட்டும் கசிந்தால் கணக்கு பறிபோகாது.

4. ‘அவசரக் கடனாக 10,000 ரூபாய் வேண்டும்’, ‘முதலீடு இருமடங்காகும்’ என்பன போலி என நண்பர்களிடம் தொலைபேசியிலேயே தெரிவிக்க. அதே கணக்கிலிருந்து செல்லும் எச்சரிக்கையை அவர்கள் நம்பத் தயங்குவர்.

5. இந்தியாவில் பணம் அனுப்பிவிட்டவரை உடனே 1930 எண்ணில் புகாரளிக்கச் செய்க. பணம் கைமாறுமுன் முடக்கினால்தான் மீட்க வாய்ப்புண்டு.