தவணை கடந்த நூலை நிறம் காட்டும்: எக்செல் பதிவேட்டில் ஒரு சூத்திர விதி

பள்ளி நூலகத்தில் நூல் கொடுப்பது எளிது. எது திரும்பவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. இருநூறு வரிகள் உள்ள பதிவேட்டில் தேதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால் இரண்டு பிழைகள் நேரும். திரும்பாத நூல் கண்ணில் படாமல் போகும். அதைவிட மோசமானது, நூலைத் திருப்பிக் கொடுத்துவிட்ட மாணவரை வகுப்பில் எழுப்பி மீண்டும் கேட்பது. எக்செல்லில் ஒரே ஒரு சூத்திர விதி எழுதி வைத்தால், தவணை கடந்தும் திரும்பாத நூலின் வரிசை முழுவதும் தானாக நிறம் மாறும். அந்த விதியை எப்படி எழுதுவது, அது எப்போது நம்மை ஏமாற்றும் என்ற இரண்டையும் இங்கே சொல்கிறேன்.

பதிவேட்டின் அமைப்பு

நான் பயன்படுத்தும் பதிவேட்டில் ஏழு நெடுவரிசைகள் உள்ளன. A-யில் வரிசை எண், B-யில் நூலின் பெயர், C-யில் மாணவர் பெயர், D-யில் வகுப்பு, E-யில் நூல் கொடுத்த நாள், F-இல் திருப்ப வேண்டிய நாள், G-யில் திரும்பி வந்த நாள். முதல் வரிசை தலைப்பு. பதிவுகள் இரண்டாம் வரிசையில் தொடங்கி 200-ஆம் வரிசை வரை செல்லலாம்.

இன்று 16.07.2025 என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் வரிசையில் உள்ள நூலை 09.07.2025 அன்று திருப்பியிருக்க வேண்டும், ஆனால் G காலியாக இருக்கிறது. மூன்றாம் வரிசைக்கும் அதே தவணைதான், ஆனால் நூல் 08.07.2025 அன்றே வந்துவிட்டது. நான்காம் வரிசையின் தவணை இன்றுதான், நூல் இன்னும் வரவில்லை. ஐந்தாம் வரிசையின் தவணை 23.07.2025. அதற்குக் கீழே எல்லாம் காலி. இவற்றுள் இரண்டாம் வரிசை மட்டுமே நிறம் மாற வேண்டும். நான்காம் வரிசை மாணவருக்கு இன்று மாலை வரை நேரம் இருக்கிறது.

விதியை எழுதுதல்

A2 கட்டத்தில் தொடங்கி G200 வரை இழுத்துத் தேர்வு செய்யுங்கள். Home பட்டையில் Conditional Formatting, அதில் New Rule. வரும் பட்டியலில் கடைசியாக உள்ள Use a formula to determine which cells to format என்பதைச் சொடுக்கி, கீழே உள்ள பெட்டியில் இதைத் தட்டச்சு செய்யுங்கள்:

```
=AND(ISNUMBER($F2),$F2<TODAY(),$G2="")
```

பிறகு Format பொத்தானை அழுத்தி, Fill பகுதியில் வெளிர் சிவப்பைத் தேர்ந்தெடுத்து OK கொடுங்கள். பெட்டிக்குள் திருத்தும்போது அம்புக்குறி விசையை அழுத்தினால் தேவையற்ற கட்ட முகவரிகள் நுழைந்துவிடும். முதலில் F2 விசையை ஒருமுறை அழுத்திவிட்டால் அந்தத் தொல்லை இராது.

சூத்திரத்தில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. மூன்றுக்கும் ‘ஆம்’ என்றால்தான் நிறம் வரும். F-இல் இருப்பது உண்மையான தேதியா? அது இன்றைய தேதிக்கு முந்தையதா? G காலியாக உள்ளதா?

முதல் கேள்வி எதற்கு என்று தோன்றலாம். எக்செல் தேதியை ஓர் எண்ணாகவே வைத்திருக்கிறது. 1900 ஜனவரி 1 என்பது 1. அங்கிருந்து நாளுக்கு ஒன்றாகக் கூடி, 09.07.2025 என்பது 45847 ஆகிறது, 16.07.2025 என்பது 45854. ஒப்பிடும்போது காலிக் கட்டத்தை அது 0 என்று எடுத்துக்கொள்ளும். 0 என்பது 45854-ஐவிடச் சிறியதுதானே! ISNUMBER இல்லாவிட்டால் கீழே உள்ள காலி வரிசைகள் அத்தனையும் சிவந்துவிடும். இரண்டாம் கேள்வியில் `<` என்று மட்டும் இருப்பதால் நான்காம் வரிசை இன்று நிறம் மாறாது, நாளை மாறும். `<=` என்று எழுதினால் தவணை நாளன்று காலையிலேயே சிவந்துவிடும்.

டாலர் குறி செய்யும் வேலை

வரிசை முழுவதும் நிறம் மாறுவதற்குக் காரணம் F-க்கும் G-க்கும் முன்னால் உள்ள டாலர் குறிதான். நாம் எழுதிய சூத்திரம், தேர்வின் முதல் கட்டமான A2-க்கு உரியது. எக்செல் அதை மற்ற கட்டங்களுக்கு நகல் எடுப்பதுபோல் பொருத்திப் பார்க்கிறது. எழுத்துக்கு முன் டாலர் இருந்தால், வலப்பக்கம் நகரும்போது அந்த எழுத்து மாறாது. எண்ணுக்கு முன் டாலர் இல்லாததால், கீழே இறங்கும்போது எண் மாறும். ஆகவே இரண்டாம் வரிசையின் ஏழு கட்டங்களும் F2-ஐயும் G2-ஐயும் பார்க்கின்றன. மூன்றாம் வரிசையின் ஏழும் F3-ஐயும் G3-ஐயும் பார்க்கின்றன.

டாலரே இல்லாமல் எழுதினால் என்ன ஆகும் என்று நம் பதிவேட்டிலேயே பார்ப்போம். A2 கட்டம் F2-ஐயும் G2-ஐயும் பார்த்துச் சரியாகச் சிவக்கும். ஆனால் B2 ஓர் இடம் தள்ளி G2-ஐயும் H2-ஐயும் பார்க்கும். G2-இல் தேதி இல்லாததால் அது சிவக்காது. ஆக, தாமதமான வரிசையில் வரிசை எண் மட்டும் நிறம் பெறும். மூன்றாம் வரிசையில் இன்னும் வேடிக்கை. B3 கட்டம் G3-இல் உள்ள 08.07.2025-ஐத் தவணைத் தேதி என்று எடுத்துக்கொள்ளும், H3 காலி என்று காணும், சிவந்துவிடும். ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்த நூலின் பெயர்தான் நிறத்தில் நிற்கும். வரிசையில் ஒற்றைக் கட்டம் மட்டும் நிறம் மாறினால் டாலர் விடுபட்டிருக்கிறது என்று அறியலாம்.

மாறாக `$F$2` என்று இரண்டு டாலர் விழுந்தால், எல்லா வரிசைகளும் இரண்டாம் வரிசையையே பார்க்கும். அது சிவந்தால் அனைத்தும் சிவக்கும். அந்த நூல் வந்ததும் அனைத்தும் வெளுத்துவிடும். பெட்டியில் தட்டச்சு செய்யாமல் கட்டத்தைச் சொடுக்கினால் எக்செல் இப்படி இரண்டு டாலர்தான் போடும். உடனே F4 விசையை இருமுறை அழுத்தினால் `$F2` ஆகிவிடும்.

தேர்வு தொடங்கும் வரிசையும் சூத்திரத்தில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். தலைப்பையும் சேர்த்து A1-லிருந்து தேர்வு செய்துவிட்டு `$F2` என்று எழுதினால், ஒவ்வொரு வரிசையும் தனக்குக் கீழே உள்ளதைப் பார்க்கும். அப்போது தாமதமான மாணவருக்கு மேலே உள்ளவரின் பெயர் சிவக்கும். நம் எடுத்துக்காட்டில் தலைப்பு வரிசை நிறம் மாறும், அதுவே அடையாளம். Manage Rules-இல் Applies to பெட்டியில் `=$A$2:$G$200` என்று திருத்திவிட்டு, சூத்திரத்தையும் ஒருமுறை திறந்து `$F2` என்றே இருக்கிறதா என்று பாருங்கள்.

நிறம் இல்லாத வரிசையை நம்பலாமா?

நிறம் மாறிய வரிசை தெளிவாகப் பேசுகிறது. மாறாத வரிசை பேசுவதில்லை. தவணை இன்னும் வரவில்லை என்பதாலும் அது வெளுத்திருக்கலாம், எழுதிய தேதி எக்செல்லுக்குப் புரியவில்லை என்பதாலும் வெளுத்திருக்கலாம். நமக்கு இது அடிக்கடி நேரும். ஏனெனில் நாம் தேதியைப் புள்ளி வைத்து 09.07.2025 என்று எழுதிப் பழகியவர்கள். நம் கணினிகளில் பொதுவாகக் கோடு அல்லது சாய்கோடு இட்டால்தான் எக்செல் அதைத் தேதியாக ஏற்கும். புள்ளி வைத்தால் வெறும் எழுத்தாகவே சேமிக்கும். அந்த வரிசை எத்தனை மாதமானாலும் சிவக்காது.

கண்டறிவது எளிது. நாம் சீரமைப்பு எதுவும் மாற்றாத நெடுவரிசையில் உண்மையான தேதி வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் நிற்கும். ஏற்கெனவே புள்ளியுடன் எழுதியவற்றை மாற்ற, F நெடுவரிசையை மட்டும் தேர்வு செய்து Data பட்டையில் Text to Columns எடுங்கள். இருமுறை Next அழுத்தி, மூன்றாம் திரையில் Date என்பதில் DMY தேர்ந்து Finish கொடுங்கள். E, G நெடுவரிசைகளுக்கும் தனித்தனியாக இதையே செய்யலாம். தேதி புள்ளியுடன்தான் தெரிய வேண்டும் என்றால், Format Cells-இல் Custom சென்று `dd.mm.yyyy` என்று கொடுங்கள். பார்வைக்குப் புள்ளி, உள்ளே எண்.

இனி எழுதப்போகும் பதிவுகளுக்கு, அதே A2:G200 பகுதியில் மஞ்சள் நிறத்துடன் இரண்டாவது விதி ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம்:

```
=OR(ISTEXT($F2),ISTEXT($G2),AND($B2<>"",$F2=""))
```

தவணைத் தேதியோ திரும்பிய தேதியோ எழுத்தாக விழுந்திருந்தால், அல்லது நூலின் பெயரை எழுதிவிட்டுத் தவணையை மறந்திருந்தால், வரிசை மஞ்சளாகும். G கட்டத்தை Delete விசையால் அழிக்காமல் இடைவெளி விசையைத் தட்டி ‘அழித்திருந்தாலும்’ இது காட்டிக்கொடுக்கும். பார்வைக்குக் காலியான அந்தக் கட்டத்தில் ஓர் எழுத்து இருப்பதால் சிவப்பு விதி அதைத் திரும்பிய நூல் என்று விட்டுவிடும். சிவப்பும் மஞ்சளும் ஒரே வரிசையில் மோதிக்கொள்ளா. சிவப்பு என்றால் மாணவரைக் கேட்க வேண்டும். மஞ்சள் என்றால் பதிவேட்டைத் திருத்த வேண்டும்.

விதிக்கு எட்டாத இரண்டு இடங்கள்

ஒன்று, நாளும் மாதமும் இடம் மாறுவது. அமெரிக்க முறையில் அமைந்த கணினியில் 05/07/2025 என்று எழுதினால் அது மே 7 ஆகிவிடும். ஜூலை 5 வரை நேரமுள்ள மாணவரின் வரிசை அன்றே சிவக்கும். இதுவும் சரியான தேதி என்பதால் மஞ்சள் விதி பிடிக்காது. காலிக் கட்டம் ஒன்றில் 25/07/2025 என்று எழுதிப் பாருங்கள். வலப்பக்கம் ஒட்டினால் கணினி நாளை முதலில் படிக்கிறது. இடப்பக்கம் நின்றால், 25-ஆம் மாதம் இல்லை என்று விழிக்கிறது. விண்டோஸின் Region அமைப்பை English (India) என்று மாற்றிவிட்டு, முன்பு எழுதிய தேதிகளை மறுபடியும் சரிபாருங்கள். அவை தாமாகத் திருந்தா.

இரண்டு, கணினியின் கடிகாரம். TODAY() அந்தக் கணினி சொல்லும் தேதியையே எடுக்கிறது. பழைய மேசைக் கணினிகளில் உள்ளிருக்கும் சிறு பேட்டரி தீர்ந்துவிட்டால், மின்சாரம் போய் வந்ததும் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். அன்று எந்த வரிசையும் சிவக்காது, எல்லா நூல்களும் ஒழுங்காக இருப்பதுபோல் தோன்றும். எனவே I1 கட்டத்தில் `=TODAY()` என்று எழுதி வையுங்கள். கோப்பைத் திறந்ததும் முதலில் அந்தத் தேதியைப் பார்த்துவிட்டு, பிறகு நிறங்களைப் பார்க்கலாம்.

லிப்ரே ஆஃபீஸ் கால்க்கில் Format, Conditional, Condition என்று சென்று Formula is தேர்ந்தால் இதே சூத்திரம் வேலை செய்யும். கூகுள் ஷீட்ஸில் Format, Conditional formatting, Custom formula is.

விதியை எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்துவிடுங்கள். ஒரு காலி வரிசையில் ஏதேனும் ஒரு நூல் பெயருடன் F-இல் நேற்றைய தேதியை இடுங்கள். ஏழு கட்டங்களும் சிவக்க வேண்டும். F-ஐ இன்றைய தேதியாக மாற்றுங்கள், வெளுக்க வேண்டும். மீண்டும் நேற்றைய தேதியை இட்டு G-யில் இன்றைய தேதியை எழுதுங்கள். வெளுத்தே இருக்க வேண்டும். F-இல் தேதியைப் புள்ளியுடன் எழுதுங்கள், மஞ்சளாக வேண்டும். நான்கும் சரியாக வந்தால், அந்த வரிசையை அழித்துவிட்டு மாணவர்களின் பெயர்களை எழுதத் தொடங்கலாம்.