குறைந்து வந்த சரக்கும் பதினைந்து நாள் கெடுவும்

தாராவியில் தோல்பை தைக்கும் பட்டறை ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அதன் உரிமையாளர் ஆம்பூரிலுள்ள தோல் பதனிடும் நிறுவனம் ஒன்றுக்கு மார்ச் 3 அன்று வாட்ஸ்அப் வழியே கொள்முதல் ஆணை அனுப்புகிறார். 60 தோல்கள், 1,200 சதுர அடி, சதுர அடிக்கு 85 ரூபாய், வரி தனி என்பது ஆணை. மார்ச் 12 அன்று லாரி ஆபீஸிலிருந்து ஆறு கட்டுகள் வருகின்றன. ‘6 கட்டு’ என்றிருந்த டெலிவரி சலானில் கையொப்பமும் ஆகிறது. மாலையில் பிரித்து எண்ணினால் 54 தோல்களே உள்ளன. ஒவ்வொரு தோலின் பின்புறத்திலும் குறித்துள்ள அளவுகளைக் கூட்டினால் 1,086 சதுர அடி வருகிறது.

கையொப்பம் இட்டுவிட்டோமே என்று பலர் இங்கே தயங்குவர். சலானைக் கூர்ந்து படித்தால் அத்தயக்கத்திற்கு இடமில்லை. அது ஆறு கட்டுகள் வந்ததை மட்டுமே காட்டுகிறது. உள்ளிருந்த தோல்களின் எண்ணிக்கையையோ பரப்பையோ காட்டவில்லை. ஆகவே கடிதம் கட்டுகள் வந்ததை ஒப்புக்கொண்டே தொடங்க வேண்டும். ‘சரக்கு சரியாக வரவில்லை’ என்று பொதுவாக எழுதினால், அதே சலானைக் காட்டி எதிர்த்தரப்பு எளிதில் மறுத்துவிடும். தோலின் பரப்பு ஈரப்பதத்தாலும் அளக்கும் கருவியாலும் சற்று மாறக்கூடும் என்பதால், சதுர அடிக் குறைவை மட்டும் சொல்வதைக் காட்டிலும் தோல்களின் எண்ணிக்கைக் குறைவை முதலில் சொல்வதே வலுவானது.

கடிதம் இவ்வாறு அமையலாம்:

“ஐயா, எங்கள் கொள்முதல் ஆணை எண் 118, நாள் மார்ச் 3. அதன்படி 60 தோல்கள், 1,200 சதுர அடி அனுப்ப வேண்டும். மார்ச் 12 அன்று 6 கட்டுகளைப் பெற்றோம். அன்றே பிரித்து எண்ணியதில் நான்காம் கட்டிலும் ஆறாம் கட்டிலும் பத்துக்குப் பதில் ஏழு தோல்களே இருந்தன. மொத்தம் 54 தோல்கள்; தங்கள் குறிப்பின்படி 1,086 சதுர அடி. குறைவு 114 சதுர அடி. மதிப்பு, வரி நீங்கலாக, 9,690 ரூபாய். மார்ச் 24க்குள் எஞ்சிய தோல்களை அனுப்புக. இயலாவிடில் அத்தொகைக்கும் அதற்குரிய வரிக்கும் கிரெடிட் நோட் தருக. வந்த சரக்கிற்குரிய 92,310 ரூபாயை வரியுடன் உரிய நாளில் செலுத்துவோம். ஆணை, சலான் ஆகியவற்றின் படங்களும் கட்டுகளின் புகைப்படங்களும் இணைக்கப்பட்டுள்ளன.”

இதில் ‘மோசடி’ போன்ற சொல் இல்லை. கட்டும் இடத்தில் நேர்ந்த பிழையாகவும் இருக்கலாம். வழியில் கட்டு பிரிக்கப்பட்டிருக்கவும் கூடும்.

1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 37இன்படி, குறைவாக வந்த சரக்கை வாங்குபவர் முழுதும் மறுக்கலாம். ஏற்றுக்கொண்டால் வந்த அளவிற்கு ஒப்பந்த விலையில் பணம் தர வேண்டும். தோலை வெட்டத் தொடங்கிய பின் முழுச் சரக்கையும் மறுப்பது பொதுவாக இயலாது. ஆகையால் வெட்டுமுன் எண்ணுவது நன்று.

கெடுதான் பலரும் கவனியாத இடம். விற்பவர் உத்யம் பதிவு பெற்ற குறு அல்லது சிறு உற்பத்தி நிறுவனமாயின், 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவன மேம்பாட்டுச் சட்டம் பொருந்தும். சரக்கு வந்து 15 நாள்களுக்குள் எழுத்து வடிவில் ஆட்சேபம் தெரிவிக்காவிடில், வந்த நாளிலேயே அதை ஏற்றுக்கொண்டதாகச் சட்டம் கருதும். பணம் செலுத்தும் கெடு அன்றிலிருந்தே ஓடும். எழுத்து ஒப்பந்தம் இருப்பினும் 45 நாள்களைத் தாண்டக்கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டுவட்டியாக ஏறும். நம் எடுத்துக்காட்டில் அக்கெடு மார்ச் 27. தொலைபேசியில் பேசியது எழுத்தாகாது.

ஸ்கிரீன்ஷாட் எடுப்பதிலும் கவனம் வேண்டும். அன்றைய செய்தியை அன்றே படமெடுத்தால் தேதிக்குப் பதில் ‘இன்று’ என்றே திரையில் தெரியும். ஒரு வாரத்திற்கு மேல் கழித்து மீண்டும் எடுத்தால் தேதி தெரியும். அனுப்பியவரின் எண், ஆணை எண், சலானின் நான்கு ஓரங்கள் எதையும் வெட்டலாகாது. படத்தை மட்டும் இணைத்துவிட்டு, அதிலுள்ளதைக் கடிதத்தில் எழுதாமல் விடுவதும் கூடாது. வழக்கு வந்தால், 2023ஆம் ஆண்டின் பாரதிய சாக்ஷ்ய அதிநியம், பிரிவு 63 மின்பதிவின் நகலுக்குச் சான்றிதழ் கேட்கிறது. எனவே மூல உரையாடலை அழிக்காமல், கைபேசியை மாற்றும்போதும் காத்து வைக்க வேண்டும்.

முழுத்தொகைக்குப் பின்தேதியிட்ட காசோலை முன்பே தரப்பட்டிருந்தால், வங்கியில் ‘ஸ்டாப் பேமெண்ட்’ கொடுத்துவிட்டு வாளாவிருத்தல் ஆபத்து. நிறுத்தப்பட்ட காசோலைக்கும் செலாவணி முறிச் சட்டம், பிரிவு 138இன்கீழ் வழக்குத் தொடர முடியும். அக்காசோலையைத் திருப்பித் தருமாறும், அது கிடைத்ததும் திருத்திய தொகைக்குப் புதியது தருவதாகவும் அதே கடிதத்தில் ஒரு வரி சேர்த்து, ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, அஞ்சல் ரசீதைச் சலானோடு கோத்து வைக்கலாம்.