புள்ளி வைக்கப் பழக்கும் நாட்குறிப்பு

ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஏற்ற பயிற்சி இது. நிறுத்தக்குறியே இல்லாத இந்த நாட்குறிப்பைக் கரும்பலகையில் எழுதுங்கள்:

“இன்று சந்தைக்குப் போனோம் அப்பா கத்தரிக்காய் வெண்டைக்காய் முருங்கைக்காய் வாங்கினார் மழை வந்தது உடனே கடைக்குள் ஓடி நின்றோம்”

* முதலில் முற்றுப்புள்ளி: வினைமுற்றுகளை அடிக்கோடிடச் சொல்லுங்கள். போனோம், வாங்கினார், வந்தது, நின்றோம் ஆகிய நான்கின் பின்னும் முற்றுப்புள்ளி வரும்.

* ஏமாற்றும் சொல்: ‘ஓடி’ என்பதன் பின்னும் சிலர் புள்ளி வைப்பார்கள். “கடைக்குள் ஓடி” என்பதோடு நிறுத்தி வாசித்துக் காட்டுங்கள். “ஓடி என்ன செய்தோம்?” என்ற கேள்வி எழுந்தால் வாக்கியம் முடியவில்லை.

* அடுத்து காற்புள்ளி: கத்தரிக்காய், வெண்டைக்காய், முருங்கைக்காய் என மூன்று பொருள்கள், இடையில் இரண்டு காற்புள்ளிகள் போதும். “கத்தரிக்காயும் வெண்டைக்காயும் முருங்கைக்காயும்” என்று மாற்றி எழுதினால் காற்புள்ளி வேண்டாம். ‘உம்’ அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

* ‘உடனே’ எங்கே சேரும்? “மழை வந்தது உடனே” என்று புள்ளி வைத்தால் மழை உடனே வந்ததாகிறது. “உடனே கடைக்குள்” என்று தொடங்கினால் ஓடியதுதான் உடனே. இரண்டையும் வாசிக்கவைத்து, எது பொருந்தும் என்று பிள்ளைகளையே சொல்லச் சொல்லுங்கள்.

* திருத்தும் நிறம்: முற்றுப்புள்ளிக்குச் சிவப்பு, காற்புள்ளிக்குப் பச்சை. விடுபட்ட இடம் பளிச்சென்று தெரியும்.