இரண்டு 214

ஓசூரில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் ஆர்ட்டிகிள்ஷிப்பில் சேர்ந்து நான்கு மாதம் ஆன பெண். மே மாதம், ஜவளகிரியில் ஒரு குடும்ப ஜவுளிக் கடை. அண்ணன் கீழ்த்தளத்தில் புடவையும் மொத்த வியாபாரமும் பார்க்கிறார், தம்பி மாடியில் ரெடிமேட். கல்லாவில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் புழங்கும். பெயர் எதுவும் வேண்டாம், கதையாகவே வைத்துக்கொள்வோம். ஆனால் இந்தச் சிக்கல் எந்த ஊர்க் கடையிலும் வரக்கூடியது.

அக்டோபர் மாத விற்பனை பில் கட்டைப் புரட்டும்போது 214 என்ற எண் இரண்டு முறை வருகிறது. ஒன்று எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு வியாபாரிக்குப் போட்டது. அவருடைய ஜிஎஸ்டி எண் 29-இல் தொடங்குகிறது, அதாவது கர்நாடகம். சரக்கு 46,000, ஐஜிஎஸ்டி 2,300, மொத்தம் 48,300. இன்னொன்று ரொக்க பில். சரக்கு 6,400, மாநில வரியும் மத்திய வரியும் தலா 160, மொத்தம் 6,720. தேதி ஒன்றுதான்.

இந்த இடத்தில் புதியவர்கள் இரண்டு தவறு செய்வார்கள். ஒன்று, "சார், திருட்டு பில் கிடைச்சிருக்கு" என்று கடைக்குள்ளேயே சத்தமாகச் சொல்வது. மற்றது, அச்சுப் பிழையாக இருக்கும் என்று பக்கத்தைத் தள்ளிவிடுவது. நம் பெண் இரண்டையும் செய்யவில்லை. அசலில் பேனா படாமல் இரண்டையும் நகல் எடுத்தாள். எந்தக் கட்டு, முன்னும் பின்னும் எந்த பில் என்று குறித்துக்கொண்டாள். பிறகு வெளியே வந்து சீனியருக்கு போன் செய்தாள். அவர் கேட்ட முதல் கேள்வி: "ரெண்டும் ஒரே பில்லோட காப்பி இல்லையே?"

நியாயமான கேள்வி. சரக்கு பில் மூன்று பிரதி போடுவது விதி: வாங்குபவருக்கு, வண்டிக்காரருக்கு, கடைக்கு. திருத்தி மறுபடி அச்சிட்ட பில்லும் பழையதோடு சேர்ந்தே கட்டில் கிடக்கும். போன வருடத்து பில் வழிதவறி வந்திருந்தாலும் எண் ஒத்துப்போகும், ஏனென்றால் சிஜிஎஸ்டி விதி 46 கேட்பது ஒரு நிதியாண்டுக்குள் எண் திரும்ப வரக்கூடாது என்பதைத்தான். இங்கே ஆள் வேறு, தொகை வேறு, ஆண்டு ஒன்று. ஆக மூன்று காரணமும் அடிபட்டுப் போயின.

அடுத்து அவள் கணக்காளரிடம் போனாள். கேள்வி கேட்கும் விதத்தில்தான் பாதி தணிக்கை இருக்கிறது என்பது என் கட்சி. "ஏன் டபுள் பில் போட்டீங்க?" என்று கேட்டால் எதிராளி வக்கீலாகிவிடுவார்.

"அண்ணா, இந்த ரெண்டு பில்லும் எந்த மிஷின்ல அடிச்சது?"

"இது கீழ. அது மாடி. தீபாவளிக் கூட்டத்துக்குத் தம்பி மேல ஒரு கம்ப்யூட்டர் போட்டாரும்மா. கீழ இருந்த டேட்டாவ அப்படியே காப்பி பண்ணிக் குடுத்தேன். டேலில நம்பர் தானா விழும், நாம போடறதில்ல."

நம்பும்படியான பதில்தான். ஆனால் நம்பும்படி இருப்பதால் மட்டும் அது உண்மையாகிவிடாது. இந்த மாதிரிப் பதில் வந்தால் ஒன்று செய்யுங்கள்: இவர் சொல்வது சரியென்றால் வேறு என்னென்ன இருந்தாக வேண்டும் என்று யோசியுங்கள். நகல் எடுத்த இரவு கடைசி பில் 208. அப்படியானால் மறுநாளிலிருந்து இரண்டு கம்ப்யூட்டரும் 209-இல் தொடங்கியிருக்க வேண்டும். 214 மட்டும் இரட்டையாக இருக்க வழியே இல்லை, 209 முதல் எல்லாமே இரட்டையாக இருக்க வேண்டும். கட்டிலோ 214 மட்டும்தான் இருக்கிறது. மாடியின் மற்ற பில்கள் எங்கே?

விற்பனைப் பட்டியலை எக்ஸெலுக்கு எடுத்து, பில் எண் B பத்தியில் இருக்க, பக்கத்தில் இதைப் போட்டாள்:

```
=COUNTIF(B:B,B2)>1
```

எந்த வரியிலும் TRUE வரவில்லை. மாடியின் பில்கள் கணக்குக்குள் பில்லாக வரவே இல்லை என்பதற்கு அதுவே சாட்சி. கணக்காளர் அவற்றை "மாடி ரொக்கம்" என்று நாளுக்கு ஒரு மொத்தமாக ஏற்றியிருந்தார். வாடிக்கையாளர் ஒருவர் சட்டை மாற்ற வந்து தன் பில்லைத் திருப்பிக் கொடுத்தார், அது கீழ்க்கட்டில் சேர்ந்துவிட்டது. அவர் அளவு சரியாகப் பார்த்து வாங்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஜிஎஸ்டி தளம் ஏன் பிடிக்கவில்லை என்று கேட்கலாம். ஜிஎஸ்டிஆர்-1 தாக்கலில் பதிவு பெற்ற வியாபாரிக்குப் போட்ட பில்கள் எண் எண்ணாகப் போகும், அங்கே ஒரே எண்ணை இரண்டு முறை ஏற்ற முடியாது. உள்ளூர் சில்லறை விற்பனை மொத்தத் தொகையாகப் போகிறது. கீழ்த்தள 214 எண்ணோடு போனது, மாடி 214 மொத்தத்துக்குள் கரைந்தது. போர்ட்டல் ஏற்றுக்கொண்டது என்பதை மட்டும் வைத்து எந்தக் கடைக்கும் நற்சான்று கொடுக்காதீர்கள்.

மாடிக் கம்ப்யூட்டரைத் திறக்கச் சொன்னார்கள். ஐந்து நாள், 209 முதல் 247 வரை 39 பில், வரியோடு 2,31,000 ரூபாய். கணக்கில் "மாடி ரொக்கம்" 2,12,100. நாள்வாரியாக வைத்துப் பார்த்தால் நான்கு நாள் காசு பிசகாமல் ஒத்துப்போகிறது. ஐந்தாம் நாளின் 18,900 மட்டும் எங்கும் இல்லை. அன்று கணக்காளர் விடுப்பு. அந்தப் பணத்தை வேலையாட்களுக்குத் தீபாவளி இனாமாகக் கொடுத்துவிட்டதாகத் தம்பி சொன்னார். வரவும் எழுதவில்லை, செலவும் எழுதவில்லை.

கீழ்த்தள பில்லையும் அவள் விடவில்லை, அதைப் பாராட்டுவேன். மாநிலம் தாண்டும் சரக்குக்கு 50,000 ரூபாய்க்கு மேல் போனால்தான் இ-வே பில். 48,300 அதற்குச் சற்றுக் கீழே நிற்கிறது. சந்தேகத்துக்கு அது போதாது, சோதிக்கப் போதும். லாரி ரசீதும் வங்கியில் வந்த 48,300-உம் இருந்தன. அந்த வியாபாரியிடமிருந்து நிலுவை உறுதிக் கடிதத்தைக் கடை வழியாக வாங்காமல் நேராக அலுவலகத்துக்கே வரவழைத்தார் சீனியர். 2009-இல் சத்யம் கணக்கு வெடித்தபோது தணிக்கையாளர்கள் மேல் விழுந்த பெரிய பழி, வங்கி உறுதிக் கடிதங்களை வங்கியிடமிருந்து நேரடியாகப் பெறவில்லை என்பதுதான். ஊர்க் கடைக்கும் அதே பாடம்.

தணிக்கைக் குறிப்பில் அவள் எழுதியது இவ்வளவுதான்: "பில் எண் 214 இரண்டு முறை. காரணமாகச் சொல்லப்பட்டது: டேட்டா நகல். மாடிக் கணினியில் 209–247 சரிபார்க்கப்பட்டது. 5-ஆம் நாள் விற்பனை ரூ.18,900 கணக்கில் இல்லை. கணக்காளரிடமும் பங்குதாரரிடமும் கேட்டு எழுதியது." கீழே தேதி, கையெழுத்து. மோசடி என்ற சொல் அதில் இல்லை. அது நோக்கத்தைப் பற்றிய சொல், அதை முடிவு செய்வது சீனியரின் வேலை. நீங்கள் பார்த்ததையும் கேட்டதையும் தனித்தனியாக எழுதினால் போதும்.

சீனியர் அண்ணன், தம்பி இருவரையும் ஒன்றாக உட்கார வைத்துத்தான் பேசினார். ஒருவரிடம் மட்டும் சொன்னால் அது குடும்பச் சண்டைக்கு நாமே பில் போட்ட மாதிரி ஆகிவிடும். விடுபட்ட 18,000 விற்பனையில் சேர்ந்தது. வரி 900, ஆண்டுக்கு 18 சதவீதக் கணக்கில் ஆறு மாத வட்டி 81 ரூபாய். 981 ரூபாயை அடுத்த தாக்கலோடு கட்டினார்கள்.

ஒரு கடைக்கு எத்தனை பில் வரிசை வேண்டுமானாலும் இருக்கலாம், ஒன்றோடொன்று மோதாமல் இருந்தால் சரி. மாடி பில்லில் இப்போது எண்ணுக்கு முன்னால் `M/` விழுகிறது.