எழுபது அலகுக்குள் மரியாதை: காப்பீட்டுத் தவணை நினைவூட்டற் குறுஞ்செய்திகளின் பேச்சுத் தமிழ்

காப்பீட்டு நிறுவனங்கள் தவணை நாளை நினைவூட்டிக் கைப்பேசிக்கு அனுப்பும் குறுஞ்செய்தி ஒன்றுக்கு 140 எண்பிட்டுகளே இடம் உண்டு. ஆங்கில எழுத்துகளால் மட்டும் எழுதினால் அதில் 160 குறிகள் அடங்கும். தமிழ்க் குறி ஒன்று கலந்தாலும் செய்தி முழுவதும் ஒருங்குறி முறைக்கு மாறிவிடும். எல்லை 70 அலகாகச் சுருங்கும். 71ஆம் அலகு வந்தால் செய்தி இரண்டாகப் பிரிகிறது. பகுதிகளை இணைக்கும் குறிப்புக்கும் இடம் வேண்டியிருப்பதால் ஒவ்வொரு பகுதியிலும் 67 அலகே எஞ்சும். கட்டணமும் இரண்டு செய்திகளுக்கு உரியதாகும்.

இங்கு அலகு என்பது இலக்கணம் கூறும் எழுத்து அன்று. 'க' ஒரு மாத்திரை பெறும். கணினியில் ஓர் அலகு. 'க்' அரை மாத்திரையே பெறும். ஆயினும் ககரமும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால் இரண்டு அலகு. ஒலியில் குறைந்தது இடத்தில் மிகுகிறது. 'கட்டுங்க' என்பது ஐந்து எழுத்து, எட்டு அலகு. 'செலுத்தவும்' என்பது ஆறு எழுத்து, பதினோர் அலகு. ஆகவே கண்ணால் எண்ணி எழுதுவோர் பெரும்பாலும் எல்லையைத் தாண்டிவிடுவர். விரிதாளில் `=LEN(A2)` என இட்டுப் பார்ப்பதே நம்பத்தக்கது. 'கொ' போன்றவற்றை ஒற்றைக்கொம்பு, கால் எனப் பிரித்து உள்ளிட்டிருந்தால் ஓர் அலகு கூடும். திரையில் வேறுபாடு தெரியாது.

வழக்கமான அலுவலக நடையில் அமைந்த செய்தி ஒன்றை எடுத்துக்கொள்வோம்:

"தங்கள் பாலிசி 4821க்கான பிரீமியம் ரூ.2450-ஐ 15/3க்குள் தவறாது செலுத்தவும்."

இது 74 அலகு. இரண்டு செய்தியாகப் போகும். நீளத்தைவிட 'செலுத்தவும்' என்னும் முடிபே கருதத்தக்கது. இவ்வியங்கோள் முன்னிலையாரை நேரே விளிப்பதில்லை. அறிவிப்புப் பலகைக்கு உரிய முடிபு. 'தங்கள்' காட்டிய பணிவை 'தவறாது' பறித்துக்கொள்கிறது. பேச்சு நடையில் இதனை இவ்வாறு அமைக்கலாம்:

"வணக்கம். பாலிசி 4821 தவணை ரூ.2450. 15/3க்குள்ள கட்டிடுங்க."

இது 58 அலகு. 'பிரீமியம்' ஒன்பது அலகு, 'தவணை' நான்கு. மக்கள் வழங்குவதும் பின்னதையே. 'கட்டு' என்பதோடு 'ங்க' சேர்வதற்கு மூன்று அலகு செலவாகிறது. அதுவே இச்செய்தியில் மரியாதையின் முழு விலை. அதைக் குறைத்தல் ஆகாது. 'கட்டிடுங்க' என்பதிலுள்ள விடு என்னும் துணைவினை, மறவாமல் முடித்துவிடுங்கள் என்னும் குறிப்பைத் தருகிறது, 'தவறாது' வேண்டாததாகிறது. பேச்சு வடிவம் எங்கும் குறுகியது என்று கொள்ளவும் கூடாது: 'க்குள்' ஆறு அலகு, 'க்குள்ள' ஏழு.

பேச்சு நடை என்பது ஒலிபெயர்ப்பும் அன்று. 'நாளும்' என்பதன் இறுதி மகரம் பேச்சில் மூக்கொலியாகத் தேயும். எழுத்தில் மகரத்தை விட்டால் சொல் குலையும். வினைமுடிபில் மட்டும் பேச்சை வைத்து, பெயர்ச்சொற்களை எழுத்து வடிவிலேயே விடுவது படிப்போர்க்கு இடர் தராது. தென் மாவட்டங்களில் 'கட்டிருங்க' எனவும் கேட்கிறோம். எனினும் 'கட்டிடுங்க' பரவலாகப் பொருள் விளங்குவது.

தவணை நாள் கடந்தபின் அனுப்பும் செய்தியே கடினமானது. ஆயுள் காப்பீட்டில் ஆண்டு, அரையாண்டு, காலாண்டுத் தவணைகளுக்கு 30 நாள் சலுகைக் காலம் உண்டு; மாதத் தவணைக்கு 15 நாள். மேற்கண்ட பாலிசி காலாண்டுத் தவணையுடையதெனில் 14/4 வரை பணம் கட்டலாம். பெறுவோர்க்குத் தேவையான செய்தி இதுவே. 'நீங்க இன்னும் கட்டலை' என்றால் 'நீங்க' இருந்தும் குற்றச்சாட்டாகிறது. எழுவாயை ஆளிலிருந்து பணத்துக்கு மாற்றினால் குற்றம் நீங்குகிறது:

"வணக்கம். பாலிசி 4821 தவணை ரூ.2450 இன்னும் வரலைங்க. 14/4 வரை கட்டலாம்."

'வரலை' என்பதன் எழுவாய் தவணை. இருந்தும் ஈற்றில் வரும் 'ங்க' அத்தவணையை உயர்த்தவில்லை, கேட்பவரையே உயர்த்துகிறது. எழுத்து நடையின் 'வரவில்லை' என்பதற்கு இவ்வசதி இல்லை. 'கட்டலாம்' என்பது காலாவதியாகும் என்னும் அச்சுறுத்தலுக்கு மாற்றாக, வழி திறந்திருப்பதைச் சொல்கிறது.

இச்செய்தி 69 அலகு, மிச்சம் ஒன்றே. இந்தியாவில் இத்தகைய செய்திகளின் வார்ப்பை முன்னரே பதிவு செய்து, மாறும் இடங்களில் மாறிக்குறி இட்டுவைப்பர். வார்ப்பின் நீளத்தைப் பார்த்து நிறைவடைபவர், நிரப்பிய செய்தியின் நீளத்தைத் தவறவிடுவர். தொகை 12450 ஆனால் 70. ஆயிரத்துக்குக் காற்புள்ளி இட்டு 12,450 என எழுதினால் 71. காற்புள்ளியைத் தவிர்த்தாலும் கடைசி நாள் 14/12 ஆக நேர்ந்தால் மீண்டும் 71. எனவே மிக நீண்ட தொகையையும் நாளையும் இட்டே எண்ண வேண்டும். 'ரூ.' என்பதற்கு மாற்றாக ₹ இட்டால் இரண்டு அலகு மிஞ்சும். ஆயின் பழைய கைப்பேசிகளில் அது கட்டமாகத் தெரியக்கூடும். 'இன்னும்' என்பதை நீக்கினால் கூற்று வெட்டெனப் படும். 'வணக்கம்.' என்பதை நீக்குவதே தக்கது. ஈற்றிலுள்ள 'ங்க' மரியாதையைக் காத்துக்கொள்ளும்:

"பாலிசி 4821 தவணை ரூ.12450 இன்னும் வரலைங்க. 14/12 வரை கட்டலாம்."

இது 62 அலகு.