பில்லில் என்னென்ன எழுத வேண்டும்?



சென்ற ஆண்டு பள்ளி திறக்கும் முன், நமது டிரஸ்ட் சார்பில் பிள்ளைகளுக்குச் சீருடை வழங்க, கீழவாசல் பக்கம் உள்ள ஒரு சிறு கடையில் ஆர்டர் கொடுத்தோம். துணி நல்ல துணி, சொன்ன நாளில் சரக்கும் வந்தது. ஆனால் பணம் போய்ச் சேர இருபது நாள் ஆகிவிட்டது. காரணம், மூட்டையோடு வந்த பில். துண்டுத்தாளில் 'சீருடை, பாக்கி 15,400' என்று மட்டும் இருந்தது. எங்கள் பொருளாளரின் கணக்கில் 13,000 தான் வந்தது.

கடைக்காரர் இரண்டு முறை போன் செய்தார். "பாய், தையல்காரங்களுக்குக் கூலி கொடுக்கணும், கொஞ்சம் பார்த்து அனுப்புங்க" என்றார். அவர் கேட்டதில் தவறில்லை. ஆனால் எதற்கான பணம் என்று தெரியாமல் டிரஸ்ட் பணத்தை எடுத்துக் கொடுக்கப் பொருளாளருக்கும் உரிமையில்லை. கடைசியில் விஷயம் தெரிந்தது. வித்தியாசமான 2,400 ரூபாய், அதற்கு முந்தைய ஆண்டின் பாக்கி. அதை நாங்கள் அப்போதே யூபிஐ மூலம் அனுப்பியிருந்தோம். கடைப் பையன் சொன்ன நம்பருக்கு அனுப்பியதால், அது கடைக்காரருடைய தம்பியின் கணக்கில் விழுந்திருந்தது. பழைய பில்லுக்கு நம்பரும் இல்லை, தேதியும் இல்லை. அதனால் எந்தப் பணம் எந்தச் சரக்குக்கு என்று இரு தரப்பாலும் காட்ட முடியவில்லை. கேட்டு வாங்காதது எங்கள் தவறும்தான்.

நம் மக்களில் பலர் மளிகை, துணி, தையல், எலெக்ட்ரிகல் என்று சிறு கடை வைத்திருக்கிறீர்கள். அதே சரக்குக்குப் பில் எப்படி இருந்திருக்க வேண்டும் என்பதை இங்கே எழுதிக் காட்டுகிறேன்.

கடையின் பெயர், தெரு, ஊர், போன் நம்பர்
பில் எண்: 47
தேதி: 26-05-2025
பெறுபவர்: டிரஸ்டின் பெயர், முகவரி
சுடிதார் செட் 12 × 650 = 7,800
சட்டை 15 × 320 = 4,800
பேன்ட் 15 × 380 = 5,700
கூடுதல் 18,300
தள்ளுபடி 300
நிகரத் தொகை 18,000
முன்பணம் (12-05-2025, ரொக்கம்) 5,000
இந்தப் பில்லுக்குத் தர வேண்டியது 13,000
கடைசி நாள்: 10-06-2025
பணம் அனுப்ப: கணக்கில் உள்ள பெயர், வங்கி, கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி, யூபிஐ ஐடி
கையொப்பம்

இதில் முதலில் கவனிக்க வேண்டியது பில் எண். ஒரு பில்லை மற்றொரு பில்லிலிருந்து பிரித்துக் காட்டுவது அதுதான். தேதி மட்டும் போதாது, ஒரே நாளில் ஒரே வாடிக்கையாளருக்கு இரண்டு பில் போடுவதுண்டு. ஏப்ரல் 1 அன்று 1 என்று தொடங்கி, மார்ச் 31 வரை விடாமல் வரிசையாகப் போய்வாருங்கள். எழுதியதில் பிழை வந்தால் தாளைக் கிழித்து எறியாதீர்கள். குறுக்கே கோடிட்டு 'ரத்து' என்று எழுதிப் புத்தகத்திலேயே விட்டுவிட்டு, அடுத்த எண்ணில் புதிதாகப் போடுங்கள். கார்பன் வைத்த பில் புத்தகம் இருந்தால் நகல் உங்களிடமே தங்கிவிடும்.

அடுத்தது தொகை. மொத்தத்தை மட்டும் எழுதினால் வாங்கியவர் சரிபார்க்க வழியில்லை. சரக்கின் பெயர், எண்ணிக்கை அல்லது எடை, ஒன்றின் விலை, பெருக்கி வந்த தொகை ஆகிய நான்கும் ஒரே வரியில் இருக்க வேண்டும். தள்ளுபடியையும் முன்பணத்தையும் தனித்தனி வரியில் கழியுங்கள். வாயால் சொன்ன தள்ளுபடி பில்லில் இல்லையென்றால், பணம் தரும் நாளில் அதுவே பேச்சாக வளரும். எங்களைக் குழப்பியது போலப் பழைய பாக்கியை இதோடு கூட்டிவிடாதீர்கள். நினைவூட்ட விரும்பினால் கீழே, 'முந்தைய பில் எண் இன்னது, தேதி இன்னது, பாக்கி இவ்வளவு' என்று தனியாக எழுதுங்கள். அப்போது வாங்கியவர் அந்தப் பில்லை எடுத்துப் பார்த்து, கொடுத்தாயிற்றா இல்லையா என்று உடனே சொல்லிவிடுவார்.

மூன்றாவது, கடைசி நாள். 'சீக்கிரம் தாருங்கள்' என்றால் கடைக்காரருக்கு அது நான்கு நாள், வாங்கியவருக்கு அது மாதக் கடைசி. தாமதமானால் வட்டி போடாத நம் கடைக்காரர்களுக்குக் கையில் இருப்பது இந்தத் தேதி ஒன்றுதான். தவணை குறித்த கடனை எழுதிக்கொள்ளும்படி சூரா அல்பகராவின் 282ஆம் வசனம் நமக்குக் கற்பிக்கிறது. சரக்கைக் கடனுக்குக் கொடுப்பதும் அதில் அடங்கியதே. 'பதினைந்து நாள்' என்று எழுதினால் எந்த நாளிலிருந்து என்ற கேள்வி வரும், எனவே தேதியாகவே எழுதுங்கள்.

நான்காவது, பணம் போகும் வழி. யூபிஐயில் அனுப்பும்போது திரையில் வருவது கடையின் பெயராக இருக்க வேண்டும் என்பதில்லை, வங்கிக் கணக்கில் உள்ள பெயர் வரும். கணக்கு உங்கள் மனைவி பெயரில் இருந்தால் அந்தப் பெயரைப் பில்லிலேயே எழுதிவிடுங்கள். அனுப்புபவர் தயங்க மாட்டார், வேறு யாருக்கோ அனுப்பவும் மாட்டார். பணம் அனுப்புபவர்கள் குறிப்பு எழுதும் இடத்தில் 'பில் 47' என்று போடுங்கள். பணம் வந்ததும் கடைக்காரர் தம் நகலில் தேதியையும், யூபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண்ணையும் குறித்துக்கொண்டால் அந்தக் கணக்கு முடிந்தது.

இனி ஜிஎஸ்டி பற்றி. மேலே காட்டியது ஜிஎஸ்டி பதிவு இல்லாத கடையின் பில். தமிழ்நாட்டில் மாநிலத்துக்குள் சரக்கு மட்டும் விற்பவருக்குப் பொதுவாக ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். கூலிக்குத் தைப்பது, ரிப்பேர் போன்ற சேவைகளுக்கு அந்த வரம்பு 20 லட்சம். பதிவு இல்லாதவர் பில்லில் வரி என்று ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது.

பதிவு பெற்றவர் தம் 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணை எழுத வேண்டும். தமிழ்நாட்டு எண் 33 என்று தொடங்கும். சரக்கின் எச்எஸ்என் எண்ணைத் தம் விற்பனை அளவுக்கேற்ப எழுதுவதும், மத்திய வரி, மாநில வரி இரண்டையும் விகிதத்தோடு தனித்தனியே காட்டுவதும் அவர் கடமை. பில் எண் 16 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. காம்போசிஷன் முறையில் இருப்பவர் வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்க முடியாது. தாம் அந்த முறையில் இருப்பதையும், வரி வசூலிக்கத் தகுதியில்லை என்பதையும் பில்லின் மேற்பகுதியில் எழுத வேண்டும். எனவே 33 என்று தொடங்கும் எண் இல்லாத பில்லில் ஜிஎஸ்டி என்று தொகை போட்டிருந்தால், பணம் தரும் முன் கேளுங்கள்.

அந்தக் கடைக்காரர் இப்போது எண் அச்சிட்ட பில் புத்தகம் வைத்திருக்கிறார். இந்த ஆண்டு சீருடைக்கு அவர் தந்த பில்லைப் பொருளாளர் ஒரு முறை பார்த்தார், மறுநாளே பணம் போய்விட்டது.

வஸ்ஸலாம்.
செயலாளர்