மாதாமாதம் பௌர்ணமி, நடை சாத்துவது என்றோ ஒரு நாள்

கேள்வி: அமாவாசையும் பௌர்ணமியும் மாதம் தவறாமல் வருகின்றன. கிரகணம் மட்டும் ஏன் அப்படி வருவதில்லை? சில கிரகணங்களுக்குக் கோயில் நடை சாத்துவதும் இல்லையே?

பதில்: நிலவின் பாதை, பூமி சூரியனைச் சுற்றும் தளத்திலிருந்து சுமார் 5 பாகை சாய்ந்திருக்கிறது. அதனால் பெரும்பாலான பௌர்ணமிகளில் நிலவு பூமியின் நிழலுக்கு மேலேயோ கீழேயோ நழுவிவிடும். அமாவாசையில் நிலவின் நிழலும் அப்படியே பூமிக்குத் தப்பிவிடும். இரு தளங்களும் வெட்டும் புள்ளிகளே பஞ்சாங்கத்தின் ராகு, கேது. சூரியன் அவற்றின் அருகே வரும் காலத்தில்தான் கிரகணம். அந்தக் காலம் ஒரு மாதத்துக்குச் சற்றே அதிகம் நீடிப்பதால் கிரகணங்கள் பெரும்பாலும் ஜோடியாக வரும்.

2025-ஐப் பாருங்கள். செப்டம்பர் 7 பௌர்ணமி இரவு 9.57-க்கு நிழல் நிலவைத் தொட்டது, 1.26-க்கு விலகியது. திருமலையில் பிற்பகல் 3.30-க்கே நடை சாத்தினார்கள். கிரகணத்துக்கு ஆறு மணி நேரம் முன்பே சாத்துவது அங்குள்ள வழக்கம். அதிகாலையில் திறந்து, சுத்தி முடித்த பிறகே தரிசனம்.

இரண்டே வாரத்தில், செப்டம்பர் 21 மகாளய அமாவாசையன்று சூரிய கிரகணம். அது இந்தியாவில் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரியாத கிரகணத்துக்குத் தீட்டு இல்லை என்பதால் தர்ப்பணமும் பூஜையும் வழக்கம்போல் நடந்தன. நிலவு லேசாக மங்கும் புறநிழல் கிரகணத்தையும் பஞ்சாங்கம் கணக்கில் கொள்வதில்லை.

நடை சாத்தும் வழக்கத்துக்குக் காளஹஸ்தி ஒரு விதிவிலக்கு. ராகு-கேது தலமான அங்கே கிரகண வேளையில் நடை திறந்திருக்கும், அபிஷேகமும் நடக்கும்.